பதினாறு கண்ணா, பன்னிரண்டு ஷட்டரா: மேட்டூர் என்று வந்த ஒரு படத்தைச் சரிபார்த்த விதம்

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது, உபரிநீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு கருங்கல்பாளையம், கொடுமுடி என்று காவிரிக்கரை ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அணைப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். 2018-லும் சுற்றியது, 2022-லும் சுற்றியது, 2024 ஜூலைக் கடைசியில் அணை நிரம்பி ஆடிப்பெருக்கு சமயத்தில் ஆறு கரை தொட்டு ஓடியபோதும் சுற்றியது. படங்கள் மாறும், மேலே எழுதியிருக்கும் வாசகம் மட்டும் பெரிதாக மாறாது: மேட்டூர் 16 கண் மதகும் திறப்பு, கரையோர மக்கள் உடனே வெளியேறவும், அதிகம் பகிரவும்.

அப்படி வந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒரு வரிசை ஷட்டர்கள், எல்லாமே திறந்திருக்கின்றன. தண்ணீர் வெள்ளையாகப் பாய்ந்து வருகிறது, கீழே புகைமூட்டம் மாதிரி சாரல். வலது ஓரத்தில் செங்குத்தான ஒரு மலைச்சரிவின் துண்டு தெரிகிறது. மேலே சிவப்புப் பட்டை போட்டு அந்த எச்சரிக்கை வாசகம். இவ்வளவுதான் படம்.

குமாரபாளையத்தில் ஆற்றை ஒட்டிய வீதியில் இருக்கும் ஒரு அம்மா இந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு, “ஏனுங் தம்பி, இது நெசமுங்களா? சாமானெல்லாம் மேல எடுத்து வெச்சரட்டுங்களா?” என்று கேட்டார். அவருக்குப் படத்தின் வரலாறு தேவையில்லை. ஆனால் அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால், “ஃபேக்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது. அன்றைக்கு மேட்டூரில் உண்மையாகவே தண்ணீர் திறந்திருந்தார்கள். படம் தப்பு, எச்சரிக்கை சரி. “ஃபேக்” என்று மட்டும் சொன்னால் அவர் வெள்ளமே வரவில்லை என்று எடுத்துக்கொண்டு படுத்துவிடுவார்.

அதனால் நான் எப்போதும் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். சொல்லப்பட்ட இடம் இதுதானா, இல்லையென்றால் உண்மையில் எந்த இடம், எப்போது எடுத்தது. மூன்றுக்கும் வேண்டிய ஆதாரத்தின் அளவு வேறு. “இது மேட்டூர் இல்லை” என்று சொல்ல, மாற்றவே முடியாத ஒரு முரண்பாடு கிடைத்தால் போதும். “இது இன்ன அணை” என்று சொல்ல, ஒன்றையொன்று சாராத பல அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும். “எப்போது” என்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம், பெரும்பாலும் “இந்தத் தேதிக்கு முன்னால்” என்பதற்கு மேல் போக முடியாது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சரிபார்க்கிறேன் என்று இறங்குகிறவர்களும் அவசரத்தில் இன்னொரு தப்பான தகவலைப் பரப்பிவிடுகிறார்கள்.

முதலில் எல்லோரும் கை வைக்கும் இடம் ஃபைல் விவரம். போனில் படத்தைத் திறந்து டீடெய்ல்ஸ் பார்த்துவிட்டு “இன்னைக்குத் தேதிதான் காட்டுது, அப்போ புதுப் படம்தான்” என்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் கேமரா பதிந்த தேதியும் இடமும் இருக்காது, அனுப்பும்போதே அதை நீக்கிப் படத்தையும் சுருக்கிவிடும். `IMG-20240801-WA0012.jpg` என்கிற மாதிரிப் பெயர் இருக்கிறதே, அதில் உள்ள 20240801 என்பது அந்தப் படம் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த நாள். பத்து வருடத்துக்கு முந்தைய படத்தை இன்று அனுப்பினாலும் இன்றைய தேதிதான் பெயரில் இருக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் விவரங்கள் அழியாமல் வரும், ஆனால் நாற்பது குழு தாண்டி வந்த படத்தை யாரும் அப்படி அனுப்புவதில்லை. ஆகவே ஃபைல் விவரத்தை இந்த வேலையில் ஒதுக்கிவிடலாம்.

அப்புறம் பழைய பிரதிகளைத் தேடுவது. இங்கேயும் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். அந்தச் சிவப்புப் பட்டையோடு படத்தை அப்படியே கூகுள் லென்ஸில் போட்டால், அது எழுத்தைப் படித்துவிட்டு மேட்டூர் பற்றிய செய்திகளையே கொண்டுவந்து கொட்டும். பார்க்கிறவருக்கு “கூகுளே மேட்டூர்னு சொல்லுது” என்று தோன்றிவிடும். அதனால் முதல் வேலை, எழுத்து, ஓரத்துப் பட்டை, ஒட்டிய லோகோ எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வெறும் காட்சியை மட்டும் கொடுப்பது. கொடுத்த பிறகு வருவதில் பாதி, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு வேறு அணைகள். அவை நமக்கு வேண்டாம். அதே படம் வந்திருக்கும் பக்கங்களை மட்டும் காட்டும் `Exact matches` என்கிற பிரிவுக்குப் போக வேண்டும். லென்ஸில் சரியாக வரவில்லை என்றால் யாண்டெக்ஸிலும் பிங்கிலும் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன, ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் அகப்படும். டின்ஐ என்கிற தளத்தில் முடிவுகளை `Oldest` என்று வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது. நான் அதைக் கடைசியில் கண்டிப்பாகப் பார்ப்பேன்.

நம் படத்துக்கு வந்த முடிவுகள் இப்படி இருந்தன. ஆந்திரா, தெலங்கானா பக்கத்துச் செய்தித் தளங்களில் அதே படம், ஸ்ரீசைலம் அணை என்ற குறிப்போடு, வேறு வேறு வருடங்களில். ஓரிரு இடத்தில் அதே படத்துக்கு நாகார்ஜுன சாகர் என்று குறிப்பு. டின்ஐ காட்டிய மிகப் பழைய பிரதி, நமக்கு ஃபார்வேர்டு வந்த நாளுக்குச் சில வருடங்கள் முந்தையது.

இதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடிவது என்ன? ஒன்றே ஒன்றுதான்: இந்தப் படம் இந்த வாரம் எடுத்தது இல்லை. டின்ஐ காட்டும் தேதி, அந்தத் தளம் அந்தப் பக்கத்தைத் தன் கணக்கில் சேர்த்த நாள். படம் அதற்கு ஒரு மாதம் முன்னால் எடுத்ததாக இருக்கலாம், ஐந்து வருடம் முன்னாலும் இருக்கலாம். அதற்குப் பின்னால் எடுத்திருக்க மட்டும் முடியாது. செய்திப் பக்கத்தில் மேலே போட்டிருக்கும் தேதியையும் அப்படியே நம்ப முடியாது, பழைய கட்டுரையில் படத்தை மட்டும் பிற்பாடு மாற்றியிருப்பார்கள், அல்லது அணை என்றாலே போடுவதற்கு வைத்திருக்கும் கோப்புப் படமாக இருக்கும். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தின் பழைய சேமிப்பு வேபேக் மெஷினில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த நாளில் அங்கே இதே படம்தான் இருந்ததா என்று ஒப்பிடலாம்.

இடம் பற்றி பழைய பிரதி எதையும் நிரூபிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய குறிப்பும் யாரோ ஒருவர் எழுதியதுதானே. இங்கே பழைய பிரதிகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, பாதி ஸ்ரீசைலம் என்கிறது, கொஞ்சம் நாகார்ஜுன சாகர் என்கிறது. எண்ணிக்கை அதிகமாக இருக்கிற பக்கம் சாய்வது சரியான வழி இல்லை, ஒரே ஏஜென்சி போட்ட குறிப்பை இருபது தளங்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம், அப்போது அது இருபது சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான்.

ஆனால் பழைய பிரதி வேறு ஒரு உதவி செய்தது, என் அனுபவத்தில் அதுதான் அதன் முக்கியமான பயன். பழைய பிரதிகளில் ஒன்று, நமக்கு வந்ததைவிட அகலமாக, வெட்டப்படாமல் இருந்தது. நமக்கு வந்ததில் இடது பக்கம் மூன்று நான்கு ஷட்டரும், வலது பக்கம் மலையின் பெரும்பகுதியும் போயிருந்தன. வெட்டியவர் வேண்டுமென்றே வெட்டினாரா, போன் திரைக்குப் பொருந்தட்டும் என்று வெட்டினாரா தெரியாது, விளைவு ஒன்றுதான். தேடும்போது பழசைப் பிடிப்பதோடு நிறுத்தாமல் பெரியதையும் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இனி கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம்.

மேட்டூரில் உபரிநீர் போகும் இடம் அணையின் பிரதானச் சுவரில் இல்லை. கொஞ்சம் தள்ளி, தனியாக ஒரு தாழ்ந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள். அதற்கு எல்லிஸ் என்கிற பொறியாளரின் பெயர். நம் ஊர்களில் பதினாறு கண் பாலம் என்றுதான் சொல்வோம். பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது, பதினாறு மதகுகள். ஒவ்வொன்றும் 60 அடி அகலம், 20 அடி உயரம். அதாவது உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம், படுக்கைவாட்டில் நீண்ட செவ்வகம். நேராக மேலே தூக்குகிற பழைய வகை ஷட்டர்கள் என்பதால், தூக்கிய ஷட்டரைத் தாங்க மேலே சட்டங்கள் எழும்பி நிற்கும்.

இப்போது படத்துக்கு வருவோம். நமக்கு வந்த வெட்டிய படத்தில் எட்டோ ஒன்பதோ ஷட்டர்கள் தெரிந்தன. இதை வைத்து “பதினாறு இல்லையே, அப்போ மேட்டூர் இல்லை” என்று சொல்லிவிட முடியாது. வெட்டிய படத்தில் எண்ணுவது குறைந்தபட்ச எண்ணிக்கையைத்தான் தரும். ஓரத்துக்கு அப்பால் இன்னும் எத்தனை இருக்கிறதோ. ஆனால் வெட்டினாலும் சுருக்கினாலும் மாறாத ஒன்று இருக்கிறது, அது ஒரு தனி ஷட்டரின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். கேமராவை ஏறத்தாழ நேராகப் பார்க்கிற ஒரு ஷட்டரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள அகலத்தையும், திறப்பின் உயரத்தையும் திரையில் ஸ்கேல் வைத்தே அளக்கலாம். நம் படத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்தது. சதுரம். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் அகலம் குறுகித் தெரியும் என்பது உண்மைதான், அதற்காகத்தான் நேராகத் தெரியும் ஷட்டரை எடுக்கச் சொன்னேன். அகலம் மூன்றில் ஒரு பங்காகக் குறுக வேண்டுமென்றால் மிகவும் ஓரத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும், அப்போது தூண்களின் பக்கச் சுவர்தான் படம் முழுக்கத் தெரியும். அப்படித் தெரியவில்லை.

ஸ்ரீசைலத்தில் இருப்பது 12 ஷட்டர்கள், ஒவ்வொன்றும் 60 அடி அகலம், 55 அடி உயரம். வளைந்த தகடு கொண்ட ரேடியல் வகை. திறக்கும்போது தகடு பின்னோக்கிச் சுழன்று மேலே போகும், மேட்டூர் மாதிரி உயரமான சட்டங்கள் தேவைப்படாது. படத்தில் தூண்களுக்கு மேலே தட்டையாக ஒரு பாலம் மட்டும் ஓடுகிறது.

அடுத்தது தண்ணீர் விழும் உயரம். மேட்டூரில் பதினாறு கண்ணைத் தாண்டிய தண்ணீர் பெரிய உயரத்திலிருந்து விழுவதில்லை, அகலமாகப் பரந்து பாறைகள் மேல் புரண்டு தனிக் கால்வாயாகப் போய்த்தான் கொஞ்ச தூரத்தில் காவிரியில் சேரும். நம் படத்திலோ ஷட்டரின் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்குச் சரிவில் தண்ணீர் இறங்கி, அடியில் மேல்நோக்கித் தூக்கி எறியப்பட்டு, அங்கிருந்துதான் அந்தப் புகைமூட்டம் கிளம்புகிறது. மேட்டூரில் சொந்தம் இருக்கிற என் நண்பன் ஒருவனுக்குப் படத்தைத் தலைப்பு இல்லாமல் அனுப்பினேன், எந்த ஊர் என்றும் சொல்லவில்லை. “மாப்ள, எந்த டேம்னு தெரியல, ஆனா நம்ம பதினாறு கண் இல்ல, அங்க தண்ணி இத்தன ஒசரத்துல இருந்து உழுகாது” என்று பதில் வந்தது. உள்ளூர்க்காரரிடம் கேட்பது நல்ல வழி. ஆனால் “இது மேட்டூர்தானே?” என்று கேட்டு அனுப்பக் கூடாது. கேள்வியிலேயே ஊர் பெயர் இருந்தால் அவர் கண்ணும் அந்த ஊரைத்தான் தேடும், தெரிந்த ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றுவிடுவார்.

ஆக, மேட்டூர் இல்லை என்பதற்கு ஷட்டரின் விகிதம் ஒன்றே போதும். அடுத்து, இது ஸ்ரீசைலமா நாகார்ஜுன சாகரா? இங்கே விகிதம் கைகொடுக்காது, ஏனென்றால் நாகார்ஜுன சாகர் ஷட்டர்களும் ஏறக்குறைய சதுரம்தான். அகலமான பழைய பிரதி இல்லாவிட்டால் நான் இங்கே நின்றிருப்பேன். அந்தப் பிரதியில் ஷட்டர் வரிசையின் இரண்டு முனையும் தெரிகிறது. எண்ணினால் பன்னிரண்டு. பன்னிரண்டாவது தாண்டிச் சுவர் கொஞ்ச தூரம் போய் நேராக மலைச்சரிவில் முட்டி நிற்கிறது. நாகார்ஜுன சாகரில் 26 ஷட்டர்கள், இரு பக்கமும் மண் அணை கிலோமீட்டர் கணக்கில் நீண்டு போகும். ஸ்ரீசைலம் அணையின் மொத்த நீளமே 512 மீட்டர், நல்லமலைக் காட்டுக்குள் கிருஷ்ணா நதி குடைந்த ஆழமான பள்ளத்தாக்கில் இரண்டு மலைக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி நிற்கிறது. படத்தில் இருப்பதும் அதுதான்.

சமூக வலைத்தளங்களில் அதிகம் சுற்றும் மற்ற அணைகளையும் இந்த இடத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. துங்கபத்ராவில் 33 ஷட்டர், ஆலமட்டியில் 26, இடுக்கியில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று வரும் படங்களில் இருக்கும் செருதோணி அணையில் 5. எண்ணிக்கை தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசிச் சோதனை மேலிருந்து. கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் காட்சியை வைத்து ஸ்ரீசைலம் அணைக்குப் போய், தூண்களை மேலிருந்து எண்ணலாம், ஷட்டர் வரிசை எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்தக் கரையில் மலை அணையை ஒட்டி வருகிறது, கீழே ஆறு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, படம் எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று ஒரு கோடு போடலாம். அணைக்குக் கீழே ஆற்றங்கரை மேட்டில் சாலையோரமாக ஒரு இடத்திலிருந்து பார்த்தால் இந்தக் காட்சி வரும். அதே இடத்தைச் சுற்றி சுற்றுலா போனவர்கள் மேப்ஸில் ஏற்றிய படங்களை வரிசையாகத் திறந்து ஒப்பிட்டால், வலது ஓரத்து மலையின் முகடு, அதில் ஒரு பள்ளம், சுவர் மலையில் முட்டும் இடத்தில் உள்ள கட்டடம் எல்லாம் பொருந்துகின்றன. இந்தப் படங்களிலும் சிலர் தப்பான இடத்தில் ஏற்றியிருப்பார்கள், அதனால் ஒரு படத்தை நம்பாமல் வேறு வேறு ஆட்கள் எடுத்த சில படங்களில் ஒரே அடையாளம் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மலை முகட்டை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவது சர்வ சாதாரணம், பழைய படம் என்று தேடலில் சிக்காமல் இருக்கச் சிலர் வேண்டுமென்றே செய்வதுண்டு. மலை இருக்க வேண்டிய கரையில் இல்லாமல் எதிர்க்கரையில் இருந்தால், வேறு அணை என்று முடிவுகட்டுவதற்கு முன் படத்தைத் திருப்பிப் போட்டு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எழுத்து இருந்தால் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலம் மாறித் தெரிந்து காட்டிக்கொடுக்கும். எழுத்து இல்லாத அணைப் படத்தில் மலைதான் காட்டிக்கொடுக்கும்.

நம் பக்கத்தில் ஆட்கள் உடனே பிடித்துக்கொள்ளும் சில அடையாளங்கள் உண்மையில் ஒன்றுக்கும் உதவாதவை. தென்னந்தோப்பு தெரிகிறது, அதனால் பொள்ளாச்சி என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தப் பக்கம் போனாலும் தென்னைதான், வேட்டிதான், பின்னால் அதே மாதிரி மலைதான். செம்மண், கருவேல மரம், ஓட்டு வீடு எல்லாம் இந்த ரகம். நம் ஊரில் இருக்கிறது என்பது போதாது, அடுத்த ஊரில் இருக்காது என்பதும் சேர்ந்தால்தான் அது அடையாளம். வண்டி நம்பர் பலகை கொஞ்சம் மேல். TN 33 என்றால் ஈரோடு, TN 41 பொள்ளாச்சி, KL 09 பாலக்காடு. ஆனால் பொள்ளாச்சி வண்டி பாலக்காட்டில் நிற்பது தினசரி நடப்பது. ஒரே ஒரு வண்டியை வைத்து ஊரைச் சொல்ல முடியாது, தெருவில் நிற்கும் ஏழெட்டு டூவீலரில் ஆறு ஒரே எண்ணில் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. கடைப் பலகையும் அதில் பின்கோடும் தெரிந்தால் அதைவிட நல்லது.

இவ்வளவு நேரம் பார்த்தது உண்மையில் சுலபமான வகை, தப்பான இடம். எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொரு வகை. இடம் சரி, வருடம் தப்பு. பவானி கூடுதுறையில் படித்துறை முழுகித் தண்ணீர் மண்டபத்தைத் தொட்டு நிற்கும் படம், சங்கமேஸ்வரர் கோயில் கோபுரம் பின்னால் அழகாகத் தெரிகிறது. 2024-இல் வந்தது, எடுத்தது 2018 என்று வையுங்கள். பவானிக்காரர் யாரிடம் காட்டினாலும் “ஆமா, நம்ம கூடுதுறைதான்” என்பார், அது உண்மையும்கூட. கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அத்தனையும் பொருந்தும். இரண்டு வருடத்திலும் காவிரியில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது, அதனால் தண்ணீர் மட்டத்தை வைத்தும் பிரிக்க முடியாது.

இங்கே மாறாத பொருட்களை விட்டுவிட்டு, மாறுகிற பொருட்களைத் தேட வேண்டும். கோபுரத்தின் வர்ணம் ஒன்று. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வர்ணம் புதுப்பிப்பார்கள், நடுவில் வருடக்கணக்கில் வெளுத்துக்கொண்டே வரும், அதனால் தேதி தெரிந்த படங்களோடு வைத்து ஒப்பிட்டால் எந்தச் சுற்றுக்குள் எடுத்தது என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் அரசுப் பேருந்து தெரிந்தால் அதன் நிறம் இன்னொன்று. வெளியூர்ப் பேருந்துகளைப் புதுப்பித்து மஞ்சள் நிறத்தில் விட ஆரம்பித்தது 2023-இல்தான், அப்படி ஒரு பேருந்து நின்றால் படம் அதற்கு முந்தையது இல்லை. பழைய நிறப் பேருந்து நின்றால் மட்டும் எதுவும் சொல்ல முடியாது, பழைய வண்டிகளும் ஓடிக்கொண்டுதானே இருந்தன. இந்த ஒருவழித்தன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. புதிய பொருள் இருந்தால் அது “இதற்குப் பின்” என்று சொல்லும், பழைய பொருள் இருந்தால் அது எதையும் உறுதியாகச் சொல்லாது. கட்சிக் கொடி, ஃபிளெக்ஸ் பேனர், பேனரில் இருக்கும் வேட்பாளர் முகம் எல்லாம் தேர்தல் வருடத்தைக் காட்டிக்கொடுக்கும், பெரிதாக்கிப் படிக்கும் அளவுக்குப் படம் தெளிவாக இருந்தால்.

கொடி, பேனர், பேருந்து எதுவுமே இல்லாமல் வெறும் தண்ணீரும் படித்துறையும் மட்டும் என்றால் பழைய பிரதி ஒன்றுதான் வழி. கிடைத்தால் அதோடு முடிந்தது. கிடைக்காவிட்டால், புதுப் படம் என்று அர்த்தம் இல்லை. 2018-இல் ஒருவர் போனில் எடுத்து எங்கும் போடாமல் வைத்திருந்து இப்போது அனுப்பியிருக்கலாம், வாட்ஸ்அப் குழுவுக்குள் மட்டும் சுற்றிய படங்கள் எந்தத் தேடு தளத்துக்கும் தெரியாது. தேடலில் வரவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு “இன்னைக்கு எடுத்ததுதான், செக் பண்ணிட்டேன்” என்று உறுதி கொடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்தான பழக்கம்.

இந்த இடத்தில் படத்தை விட்டுவிட்டு எண்களுக்குப் போகலாம். மேட்டூரின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் நீர்வளத்துறை தினமும் சொல்கிறது, தமிழ்ப் பத்திரிகைகள் அதை அப்படியே போடுகின்றன. வெளியேற்றம் இருபதாயிரம் கன அடியை ஒட்டி இருக்கிற வரைக்கும் பெரும்பாலும் நீர்மின் நிலையங்கள் வழியாகவே தண்ணீர் போய்விடும், அதற்கு மேல் வரும்போதுதான் பதினாறு கண்ணில் திறப்பார்கள், அப்போது செய்தியிலும் தனியாகச் சொல்வார்கள். அன்றைய வெளியேற்றம் பதினைந்தாயிரம் என்று இருக்கிற நாளில், பதினாறு கண்ணும் பொங்குகிற படம் “இப்போது எடுத்தது” என்று வந்தால், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே வேண்டியதில்லை. படம் அசல் மேட்டூராகவே இருந்தாலும் அன்றைய படமாக இருக்க முடியாது. இது எதிர்த்திசையில் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு லட்சம் கன அடி போகிற நாளில் வரும் படம் அன்றைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம், ஆறு வருடம் பழையதாகவும் இருக்கலாம்.

குமாரபாளையத்து அம்மாவுக்கு நான் எழுதிய பதில் இது: “அம்மா, இந்தப் படம் மேட்டூர் இல்லைங்க, ஆந்திரா தெலங்கானா எல்லையில இருக்கிற ஸ்ரீசைலம் அணை, சில வருசத்துக்கு முந்தியே வந்த படம். ஆனா மேட்டூர்ல தண்ணி திறந்திருக்கிறது உண்மைதானுங்க. நகராட்சியில இருந்தோ வருவாய்த்துறையில இருந்தோ வந்து சொன்னா உடனே கிளம்பிருங்க, அதுக்கு முந்தி முக்கியமான பேப்பரையெல்லாம் மேல எடுத்து வெச்சிருங்க.” படம் எந்த நாளில் எடுத்தது என்று எழுதவில்லை, அது எனக்குக் கிடைக்கவில்லை. குழுவில் போட்டபோது, அகலமான பழைய படத்தையும், பதினாறு கண் பாலத்தின் சரியான படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஷட்டரைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டு அனுப்பினேன். ஒரு படம் “தப்பு” என்ற வார்த்தையை விட வேகமாகப் போகும், அதோடு, பார்க்கிறவர் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாப் படமும் இப்படி முடிவதில்லை. அதே வாரத்தில் இன்னொன்று வந்தது. ஒரு பாலத்தின் ஒற்றைத் தூண், அதைச் சுற்றிச் சுழித்து ஓடும் கலங்கல் தண்ணீர், மேலே கொஞ்சம் கைப்பிடிச் சுவர். பள்ளிபாளையம் பாலம் என்று தலைப்பு. பழைய பிரதி எதுவும் இல்லை. தூணின் வடிவம் அந்தப் பாலத்துக்கும் பொருந்துகிறது, காவிரியில் இருக்கும் வேறு பாலங்களுக்கும் பொருந்துகிறது. கரை தெரியவில்லை, வானம் தெரியவில்லை, ஒரு எழுத்துகூட இல்லை. அனுப்பியவரிடம் யார் எடுத்தது என்று கேட்டேன், அவருக்கும் வேறு குழுவிலிருந்து வந்ததாம். அதைப் பற்றிக் குழுவில் எழுதியது ஒரே வரி: இடமும் தேதியும் உறுதி செய்ய முடியவில்லை, எடுத்தவர் யாராவது இருந்தால் இன்னும் கொஞ்சம் அகலமான படம் அனுப்புங்கள்.